வெளிநாட்டில் இறங்கியதும் போனில் இன்ரநெற் வரவில்லையா?

சென்ற ஆண்டு எமது பகுதியைச் சேர்ந்த தாயொருவர் தமது மகனுடன் சென்னைக்குப் பயணமானார். 1990 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த காலத்தில் கடல்கடந்து போன தங்கை, திருச்சிக்கு அருகே மறுவாழ்வு முகாமொன்றில் இருக்கிறார். அவரைப் பார்ப்பதற்காகவே இந்தப் பயணம். நாமும் வேறொரு அலுவலாக அதே விமானத்தில் பலாலியிலிருந்து புறப்பட்டோம்.

ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னையில் இறங்கி, கடவுச்சீட்டு அலுவல்களை முடித்து, பைகளையும் எடுத்துக்கொண்டு வெளி மண்டபத்துக்கு வந்தபோது, அந்தத் தாய் போனைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். "கோடெல்லாம் நிறைஞ்சு நிக்குது, ஆனால் வட்ஸ்அப் சுத்திக்கொண்டே இருக்குது தம்பி" என்றார். அவரைக் கூட்டிப்போக வரும் மருமகனின் இலக்கமும், அவர் நிற்கப்போகும் வாசல் எது என்ற செய்தியும், தங்கையின் விலாசமும் வட்ஸ்அப்பிலேயே இருந்தன. காகிதத்தில் ஒன்றும் இல்லை. மகனுடைய போனிலும் இதே நிலைதான்.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், கனடாவிலோ பிரான்சிலோ உள்ள உறவினரிடம் போகும் பெற்றோர், சிகிச்சைக்காக இந்தியா போகிறவர்கள் எனப் பலரும் எம்மிடம் இதையே சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் போன் பழுதாகியிருப்பதில்லை. சிம்மும் பழுதாகியிருப்பதில்லை. மூன்று இடங்களில் ஏதோ ஒன்று மூடியிருக்கும். அன்று அந்த மண்டபத்தில் தாய்க்கும் மகனுக்கும் நடந்ததை வரிசையாகச் சொன்னால் அந்த மூன்று இடங்களும் விளங்கும்.

கோடு இருக்கிறது, டேட்டா இல்லை

முதலில் மகனின் போனைப் பார்த்தோம். அதில் இங்கு பாவிக்கும் சாதாரண சிம் அட்டை இருந்தது. புறப்படுமுன் தமது கம்பனியிடம் ரோமிங் சேவையைத் திறக்கச் செய்து, ஒரு வாரத்துக்கான சிறிய டேட்டா பொதியும் வாங்கியிருந்தார். இது சரியான வேலை. ரோமிங் என்பது, எமது கம்பனியின் சிம்மை வேறொரு நாட்டுக் கம்பனியின் கோபுரங்களில் இயங்க விடும் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டை எமது கம்பனி தனது பக்கத்தில் எமது இலக்கத்துக்குத் திறந்து விட்டிருக்க வேண்டும். திறக்காவிட்டால் அங்கே இறங்கியதும் கோடே வராது, அல்லது அவசர அழைப்புக்கு மட்டும் என்று காட்டும். மகனின் போனில் கோடு இருந்தது. இந்தியக் கம்பனி ஒன்றின் பெயரும் மேலே தெரிந்தது. இங்கிருந்து போன குறுஞ்செய்தி ஒன்றும் வந்து விழுந்தது. ஆகவே கம்பனியின் பக்கத்தில் குறையில்லை.

அழைப்பும் குறுஞ்செய்தியும் வருவதால் டேட்டாவும் வரவேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அவை வேறு வேறு. பிற நாட்டில் டேட்டாவை அனுமதிப்பதற்குப் போனுக்குள்ளேயே தனியான ஓர் ஆளி உண்டு. அது வழக்கமாக மூடப்பட்டே இருக்கும். இதை ஒரு குறை என்று நாம் சொல்லமாட்டோம். பொதி வாங்காமல் வெளிநாட்டில் டேட்டா ஓடினால், படமும் காணொளியும் தாமாகவே இறங்கி, சிம்மிலுள்ள காசு சில நிமிடங்களில் கரைந்துவிடும். மாதாந்தக் கட்டண இலக்கமென்றால் பெரிய தொகைக்குச் சிட்டை வீட்டுக்கு வரும். அதைத் தடுக்கவே அந்த ஆளி மூடியபடி வருகிறது.

அது இருக்கும் இடம் போனுக்குப் போன் சற்று வேறுபடும். சாம்சங் போனில் Settings என்பதில் Connections, அதற்குள் Mobile networks, அதற்குள் Data roaming. கூகிள் பிக்சல் போன்ற போன்களில் Settings, Network & internet, SIMs என்று போய், குறித்த சிம்மைத் தொட்டால் Roaming என்ற ஆளி தெரியும். ஐபோனில் Settings என்பதில் Cellular அல்லது Mobile Data என்று இருக்கும். அதற்குள் சிம்மின் பெயரைத் தொட்டால் Data Roaming வரும். வேறு வகைப் போன்களில் Settings பக்கத்தின் மேலேயுள்ள தேடும் பெட்டியில் roaming என்று எழுதினால் போன் தானே காட்டித்தரும். ஆளியைத் திறக்குமுன், வட்ஸ்அப்பில் படங்கள் தாமாக இறங்குவதையும், செயலிகள் தாமாகப் புதுப்பிக்கப்படுவதையும் நிறுத்திவிடுவது நல்லது. சிறிய பொதி அப்போதுதான் நாலு நாள் நின்றுபிடிக்கும்.

மகனின் போனில் அந்த ஆளியைத் திறந்தோம். கோட்டுக்குப் பக்கத்தில் R என்ற எழுத்து வந்தது. பிற நாட்டு வலையமைப்பில் நிற்கிறது என்பதற்குப் பல போன்களில் அதுதான் அடையாளம். 4G என்றும் காட்டியது. ஆனாலும் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

வேறு குளத்தின் துருசு

அப்போதுதான் மகன் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார். நாம் வருமுன், அருகில் நின்ற இளைஞர் ஒருவர் உதவிக்கு வந்திருக்கிறார். "அண்ணே, நீங்க இப்ப இங்க ஏர்டெல்ல இருக்கீங்க. ஏர்டெல் செட்டிங் போட்டாதான் நெட் வரும்" என்று சொல்லி, போனை வாங்கி எதையோ மாற்றிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனத்தோடு செய்த உதவிதான். ஆனால் இரண்டாவது கதவை அது மூடிவிட்டது.

ஒவ்வொரு சிம்முக்கும் டேட்டா வெளியே போகும் வாசலின் பெயர் ஒன்று போனில் பதிந்திருக்கும். அதை அக்சஸ் பொயின்ற் நேம் என்பார்கள். போனில் Access Point Names அல்லது APN என்று இருக்கும். உதாரணமாக, இங்கு டயலொக் சிம்மில் dialogbb என்று காணலாம். இந்தியாவில் ஏர்டெல் சிம்மில் airtelgprs.com என்றும், ஜியோ சிம்மில் jionet என்றும் இருக்கும். உள்ளூரில் சிம்மைப் போட்டதும் போன் தானே இதை எழுதிக்கொள்வதால் எம்மில் பலர் இதை ஒருநாளும் பார்த்திருக்கமாட்டோம்.

பிற நாட்டில் நிற்கும்போது எந்த வாசலின் பெயர் இருக்க வேண்டும் என்பதில்தான் அநேகர் பிழைவிடுகிறார்கள். நிற்பது இந்தியக் கோபுரத்தின் கீழ் என்றாலும், வழக்கமான ரோமிங் முறையில், எமது சிம்மின் டேட்டா அங்கிருந்து நேரே உலகத்துக்குப் போவதில்லை. அது முதலில் எமது கம்பனியின் வாசலுக்குத் திரும்பி வந்து, அங்கே கணக்குப் பார்க்கப்பட்டு, பின்னரே வெளியே போகிறது. சென்னையில் நின்று அனுப்பும் செய்தி இலங்கைக்கு வந்து போகிறது என்றால் பலருக்கு நம்பமுடியாமல் இருக்கும், உண்மை அதுதான். ஆகவே வாசலின் பெயரும் எமது கம்பனியுடையதாகவே இருக்க வேண்டும். பக்கத்து ஊர்க் குளத்தின் துருசைத் திறந்துவிட்டு, எமது வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையே என்று காத்திருப்பது போன்றதுதான் ஏர்டெல்லின் பெயரை எமது சிம்மில் எழுதுவது.

திருத்துவது இலகு. சாம்சங்கில் Mobile networks என்பதற்குள் Access Point Names என்று ஒரு வரி உண்டு. பிக்சலில் குறித்த சிம்மின் பக்கத்தில் கீழே அதே பெயரில் இருக்கும். அதற்குள் போய், மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் Reset to default என்று வரும். அதைத் தொட்டதும் பிறர் எழுதியவை அழிந்து, சிம்முக்கு உரிய பெயர் மீண்டும் வரும். ஐபோனில் Cellular Data Network அல்லது Mobile Data Network என்ற பக்கத்தின் அடியில் Reset Settings இருக்கும். சில கம்பனிகளின் சிம்மில் ஐபோன் இந்தப் பக்கத்தைக் காட்டாது. அப்படியானால் அங்கே மாற்றுவதற்கும் ஒன்றுமில்லை.

மகனின் போனில் அப்படியே செய்தோம். பின்னர் Airplane mode என்பதை அரை நிமிடம் போட்டு எடுத்தோம். ஆளியையோ பெயரையோ மாற்றிய பிறகு இதைச் செய்ய வேண்டும். போன் கோபுரத்தோடு புதிதாகத் தொடர்பு எடுக்கும்போதுதான் மாற்றம் பலிக்கும். போன் திரும்பி வந்து கோடு பிடித்த சிறிது நேரத்தில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கின. மருமகன் நாலு தடவை அழைத்திருந்தார்.

விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர் தனியே நின்று இதைச் சரிபார்ப்பதானால், போன் காட்டும் அடையாளத்தைக் கொண்டே இடத்தைப் பிடிக்கலாம். கோடே இல்லையென்றால் குறை கம்பனியின் பக்கத்தில், அல்லது போன் தவறான வலையமைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது. Network operators என்ற இடத்தில் தானாகத் தேடுவதை நிறுத்தி, வரும் பெயர்களில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். கோடு இருந்து 4G அல்லது LTE என்ற எழுத்து இல்லையென்றால் முதலில் ரோமிங் ஆளியைப் பார்க்க வேண்டும். எழுத்தும் இருந்து பக்கம் திறக்காவிட்டால் வாசலின் பெயரைப் பார்க்க வேண்டும், அல்லது பொதி முடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாயின் போனும் கனடாவிலிருந்து வந்த இ-சிம்மும்

தாயின் போன், கனடாவிலுள்ள தம்பி பாவித்துவிட்டு அனுப்பிய ஐபோன். அதே தம்பி பயணத்துக்கென்று இந்தியாவுக்கான இ-சிம் ஒன்றையும் வாங்கி அனுப்பியிருந்தார். இ-சிம் என்பது கையில் பிடிக்கும் அட்டை அல்ல. போனுக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட சிறு சில்லு ஒன்றில், கம்பனியின் விபரங்களை இன்ரநெற் வழியாக இறக்கி எழுதுவது. ஐபோன்களில் 2018 இல் வந்த XS, XR முதல் இந்த வசதி உண்டு. எந்தப் போனாக இருந்தாலும், அழைக்கும் இடத்தில் *#06# என்று அடித்துப் பார்க்கலாம். வரும் பட்டியலில் EID என்று ஒரு நீண்ட இலக்கம் இருந்தால் இ-சிம் வசதி உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த பாவித்த போன் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில போன்கள் அந்த நாட்டுக் கம்பனிக்கென்று பூட்டப்பட்டிருக்கும். ஐபோனில் Settings, General, About என்று போனால் Carrier Lock என்ற வரியில் No SIM restrictions என்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பயணத்துக்கான இ-சிம்மை வாங்குவது வீண்செலவு.

இ-சிம்மை இறக்க இன்ரநெற் வேண்டும் என்பதால், புறப்படுமுன்னரே, வைஃபை உள்ள இடத்தில் இறக்கிவிட வேண்டும். தாய் எமது அலுவலகத்துக்கு வந்தே இதைச் செய்தார். அங்கே முதல் சிக்கல் வந்தது. தம்பி கியூஆர் குறியை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தார். தன் திரையிலுள்ள படத்தைத் தன் கமராவால் எந்தப் போனாலும் பார்க்க முடியாதல்லவா? புதிய ஐபோன்களில் படத்தை அழுத்திப் பிடித்தால் Add eSIM என்று வரும். அவருடைய போனில் வரவில்லை. படத்தை மகனின் போனுக்கு அனுப்பி, அதன் திரையைத் தாயின் போனுக்குக் காட்டினோம். இரண்டாவது போன் இல்லாதவர் கையாலும் எழுதலாம். அந்தக் குறிக்குள் இருப்பது இப்படியான ஒரு வரிதான்:

```
LPA:1$smdp.example.com$ABCD-1234-EFGH
```

இரண்டு டொலர் அடையாளங்களுக்கு நடுவே இருப்பது விபரம் இறங்கும் இடத்தின் விலாசம். போனில் SM-DP+ Address என்று கேட்கும் இடத்தில் அதை எழுத வேண்டும். கடைசியாக இருப்பது Activation Code. விற்றவர் அனுப்பும் கடிதத்தில் இவை இரண்டும் தனித்தனியாகவும் இருக்கும். ஐபோனில் Cellular அல்லது Mobile Data என்ற பக்கத்தில் Add eSIM, பின்னர் Use QR Code; சாம்சங்கில் Connections, SIM manager, Add eSIM; பிக்சலில் SIMs பக்கத்தில் Add SIM.

இறக்கி முடிந்ததும் புதிய சிம்முக்கு நேரே No Service என்று காட்டியது. "இது வேலை செய்யாது போல, அழிச்சிட்டுத் திரும்பப் போடுவமே?" என்று மகன் கேட்டார். நல்ல வேளையாகக் கேட்டார். இந்தியாவுக்கு மட்டும் வாங்கிய பொதி இங்கே கோடு பிடிக்காது, அது இயல்பு. அழித்துவிட்டால், அநேகமான இ-சிம்களை அதே குறியைக் கொண்டு இரண்டாம் முறை இறக்க முடியாது. காசும் போய்விடும். வேண்டுமானால் அந்தச் சிம்மை நிறுத்தி வைக்கலாம், அழிக்கக் கூடாது. சில பொதிகளின் நாட்கணக்கு இறக்கிய நேரத்திலிருந்தே தொடங்கும், சிலவற்றில் போய் இறங்கிக் கோடு பிடித்த பிறகே தொடங்கும். இதை வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிச் சென்னை மண்டபத்துக்கு வருவோம். தாயின் போனில் இ-சிம் கோடு பிடித்திருந்தது, டேட்டா இல்லை. ஐபோனின் Cellular Data என்ற இடத்தில் டேட்டாவுக்கு எந்தச் சிம் என்று பார்த்தோம். பழைய இலங்கைச் சிம்மே தெரிவாகியிருந்தது. இ-சிம்முக்கு மாற்றினோம். அதன் கீழே Allow Cellular Data Switching என்று ஓர் ஆளி உண்டு. அது திறந்திருந்தால், போன் தன் விருப்பத்துக்கு இலங்கைச் சிம்மின் டேட்டாவுக்கும் தாவும், அதை மூடினோம். பின்னர் இ-சிம்மின் Data Roaming ஆளியைத் திறக்கச் சொன்னோம்.

மகன் மறித்தார். "இது இந்தியாவுக்கெண்டு வாங்கின சிம் எல்லோ? பிறகென்னத்துக்கு ரோமிங்? காசு வெட்டமாட்டினமே?" நியாயமான கேள்வி. ஆனால் பயணத்துக்கென்று விற்கப்படும் இ-சிம்களில் அநேகமானவை, போகும் நாட்டுக் கம்பனியின் சிம் அல்ல. வேறொரு நாட்டுக் கம்பனியின் சிம்மைத்தான் பொதியாக விற்கிறார்கள். அது இந்தியாவிலும் ஒரு விருந்தாளிதான். ஆகவே அந்தச் சிம்முக்கு ரோமிங் ஆளி திறந்திருக்க வேண்டும். பொதிக்குரிய காசு முன்னரே கட்டப்பட்டதால் மேலதிகமாக எதையும் வெட்டுவதில்லை. அதே போனிலுள்ள இலங்கைச் சிம்முக்குத்தான் அந்த ஆளி மூடியிருக்க வேண்டும். ஆளி ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக இருப்பதை மறந்து, ஒன்றைத் திறக்கப்போய் மற்றதைத் திறந்தவர்களும் உண்டு.

திறந்தும் டேட்டா வரவில்லை. Cellular Data Network பக்கத்தைப் பார்த்தோம். APN என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. இறங்கும்போது பெயரைத் தானே எழுதாத இ-சிம்கள் சில உண்டு. எழுத வேண்டிய பெயர் தம்பி அனுப்பிய கடிதத்தில் இருந்தது. கடிதம் வட்ஸ்அப்பில் இருந்தது. அதை இறக்க டேட்டா வேண்டும். கடிதத்தை அவர் இறக்கி வைத்திருக்கவில்லை. மகனின் போன் சற்று முன்னர் உயிர்பெற்றது இங்கே உதவியது. அதில் Hotspot போட்டு, தாயின் போனை அதனோடு இணைத்து, கடிதத்தைத் திறந்தோம். ஒரு சொல் மட்டுமே; சிறிய எழுத்துக்களில், இடைவெளி விடாமல், கடிதத்தில் உள்ளபடியே எழுதினோம். பயனர் பெயர், கடவுச்சொல் கட்டங்கள் வெறுமையாகவே விடப்பட்டன. Airplane mode போட்டு எடுத்தோம். ஒரு நிமிடத்தில் 4G வந்தது. மகனின் ரோமிங் ஆளியை உடனே மூடச் சொன்னோம். இனித் தாயின் போனிலிருந்தே அவருக்கும் Hotspot கொடுக்கலாம்.

இலங்கைச் சிம்மை முற்றாக நிறுத்திவிடலாமா என்று தாய் கேட்டார். வேண்டாம் என்றோம். பயண இ-சிம்களில் பல டேட்டாவுக்கு மட்டுமானவை. அழைக்கும் இலக்கம் அவற்றில் இராது. வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கமும், விமான நிலைய வைஃபை கேட்கும் உறுதிப்படுத்தும் இலக்கமும் பழைய இலக்கத்துக்கே குறுஞ்செய்தியாக வரும். வெளிநாட்டில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் அந்த இலக்கத்துக்கு வரும் அழைப்பை எடுத்தால் கட்டணம் உண்டு. எடுக்காமல் விட்டு வட்ஸ்அப்பில் அழைப்பதே இலாபம். வட்ஸ்அப் பழைய இலக்கத்திலேயே தொடர்ந்து இயங்கும். இலக்கத்தை மாற்றவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று விட வேண்டும்.

மருமகன் வெளியே ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக நின்றிருந்தார். பயணம் போகிறவர்களிடம் நாம் இப்போது கேட்டுக்கொள்வது இதுதான்: இறங்கும் இடத்தில் சந்திப்பவரின் இலக்கத்தையும் போகும் விலாசத்தையும், இ-சிம் என்றால் அதன் APN பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிழமையில் தாய் ஊர் திரும்பினார். அடுத்த நாட் காலை எமது அலுவலக வாசலில் நின்றார். இங்கேயும் இன்ரநெற் வரவில்லையாம். போனைப் பார்த்தோம். டேட்டாவுக்குரிய சிம்மாக இந்திய இ-சிம்மே இன்னும் தெரிவாகியிருந்தது. அதைப் பழைய சிம்முக்கு மாற்றிவிட்டோம்.